மேசையை விட்டு நகராத மடிக்கணினிக்கு 80 சதவீத வரம்பு: ஒரு திங்க்பேடை முன்வைத்து முழு வழிகாட்டி

நாள் முழுவதும் செருகியே வைத்திருந்தால் பேட்டரி ‘ஓவர் சார்ஜ்’ ஆகிவிடும் என்ற பயம் பலருக்கு இன்னும் இருக்கிறது. இன்றைய மடிக்கணினிக்கு அது பொருந்தாது. பேட்டரி நிரம்பியதும் சார்ஜ் செய்யும் மின்சுற்று தானாக நின்றுவிடும்; அதன் பிறகு கணினி அடாப்டரிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் மின்சாரத்தையும் மானிட்டரையும் ஒரே கேபிளில் இணைக்கும் டாக்கில் மாட்டியபடியே இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த மடிக்கணினியைக் கழற்றி வெளியே எடுத்துப் போனால், ஆறு மணி நேரம் வந்த பேட்டரி மூன்று மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. பயன்படுத்தவே இல்லாத பேட்டரி எப்படித் தேய்ந்தது?

விடை, அது நிரம்பியபடியே சும்மா இருந்ததுதான். லித்தியம் அயனி பேட்டரிக்கு இரண்டு வகை முதுமை உண்டு. ஒன்று, சார்ஜ் ஏறி இறங்கும் சுற்றுகளால் வருவது. மற்றது, காலம் போகப் போகத் தானாக வருவது. டாக்கில் இருக்கும் கணினிக்கு முதல் வகை ஏறத்தாழ இல்லை; அதைத் தின்பது இரண்டாவது வகைதான். செல்லின் எதிர்மின்வாய் கிராஃபைட்டால் ஆனது. அதன் மேல், செல்லுக்குள் இருக்கும் மின்பகுளித் திரவம் சிதைந்து உண்டான ஒரு மெல்லிய படலம் இருக்கும். அந்தப் படலம் மெதுவாகத் தடித்துக்கொண்டே போகும். தடிக்கத் தடிக்க, சார்ஜைச் சுமக்க வேண்டிய லித்தியம் அதில் சிக்கி வீணாகும். செல் நிறைந்திருக்கும்போது இந்த வேலை வேகமாக நடக்கும். நேர்மின்வாய்ப் பக்கமும் அப்படித்தான்: நிரம்பிய செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட், இப்போதைய மடிக்கணினிச் செல்கள் பலவற்றில் அதற்கும் மேல். அந்த உயரத்தில் மின்பகுளி ஆக்சிஜனேற்றம் அடைந்து, வாயுவும் உண்டாகலாம். பேட்டரி உப்புவதற்கு அதுவே ஒரு காரணம்.

இதோடு வெப்பம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஏசி இல்லாத அறை, மூடி வைத்த திரை, அடியில் சூடான டாக் என்று சேர்ந்துவிட்டால் பேட்டரி எப்போதும் இளஞ்சூட்டிலேயே கிடக்கும். வெப்பத்தை நம்மால் ஓரளவுதான் குறைக்க முடியும். மின்னழுத்தத்தைக் குறைப்பதோ ஒரே ஒரு அமைப்பில் இருக்கிறது. சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டால் போதும். போன திறன் இதனால் திரும்பாது. இனிப் போவதன் வேகம் குறையும், அவ்வளவுதான்.

எல்லா நிறுவனக் கணினிகளுக்கும் ஒரே வழி இல்லை. லெனோவோவின் திங்க்பேடை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து காட்டுகிறேன். அதில் வசதி தெளிவாக இருக்கிறது, விண்டோஸிலும் லினக்ஸிலும் அமைக்கலாம். மற்றவற்றுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பது கடைசியில் வரும்.

யார் இந்த வரம்பைக் காப்பது

சதவீத வரம்பைக் காப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸும் அல்ல. மதர்போர்டில் எம்பெடெட் கன்ட்ரோலர் என்று ஒரு சிறு சில்லு இருக்கிறது. விசைப்பலகை, மின்விசிறி, சார்ஜ் எல்லாவற்றையும் கவனிப்பது அதுதான். நாம் மென்பொருளில் 80 என்று போடும்போது அந்த எண் இந்தச் சில்லுக்குப் போய்ச் சேர்கிறது. பிறகு கணினியை அணைத்தாலும், அடாப்டர் மாட்டியிருக்கும்வரை அதுவே வரம்பைப் பார்த்துக்கொள்ளும்.

இதிலிருந்து சில விஷயங்கள் தாமாகவே புரியும். பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்து சார்ஜை நிறுத்தும் செயலி எதையும் தனியாக நிறுவத் தேவையில்லை. ‘80 ஆனதும் மணியடிக்கும்’ வகைச் செயலிகளும் வேண்டாம். அவை சார்ஜை நிறுத்துவதில்லை, எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கு என்று உங்களைத்தான் விரட்டுகின்றன. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், இரண்டும் ஒரே சில்லுக்குத்தான் எழுதுகின்றன. கடைசியாக எழுதியது எதுவோ அதுவே நிற்கும். ஒன்றில் 80, மற்றதில் 60 என்று வைத்துவிட்டு ஏன் மாறுகிறது என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு.

தொடங்கும் முன்: இப்போது என்ன நிலை

அமைப்பை மாற்றுவதற்கு முன் பேட்டரியின் இன்றைய நிலையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஓராண்டு கழித்துப் பயன் இருந்ததா என்று தெரியாது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
powercfg /batteryreport
```

battery-report.html என்ற கோப்பு உருவாகும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் திரையே காட்டும். அதைப் பிரவுசரில் திறந்து DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY, CYCLE COUNT என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். முதலாவது தொழிற்சாலையில் சொன்ன திறன். இரண்டாவது இன்று முழுதாக ஏற்றினால் பிடிக்கும் திறன். மூன்றாவது இதுவரை ஆன சுற்றுகள்.

லினக்ஸில் அதே தகவல் இங்கே கிடைக்கும்:

```
cd /sys/class/power_supply/BAT0
cat energy_full_design energy_full cycle_count
```

இங்கே திறன் மைக்ரோவாட்-மணியில் வரும்; கடைசி ஆறு இலக்கங்களை எடுத்துவிட்டால் வாட்-மணி. T480 போன்ற சில பழைய திங்க்பேடுகளில் இரண்டு பேட்டரிகள் உண்டு. அவற்றில் BAT1 என்று இன்னொன்றும் இருக்கும், அதையும் தனியாக அமைக்க வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோவோம். 57 வாட்-மணி பேட்டரி கொண்ட X1 கார்பன் திங்க்பேட் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் DESIGN CAPACITY 57,000 மில்லிவாட்-மணி, FULL CHARGE CAPACITY 51,300. அதாவது பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, 90 சதவீதம் மிச்சம். சுற்றுகள் 40 மட்டுமே என்று இருந்தால், அந்தப் பத்து சதவீதத்தை எடுத்தது பயன்பாடு அல்ல என்று ஊகித்துவிடலாம். நிரம்பி உட்கார்ந்த காலமும் சூடும்தான் எடுத்திருக்க வேண்டும். இந்தக் கணினிக்கு வரம்பு நிச்சயம் உதவும். சுற்றுகள் 700 என்று இருந்து திறன் 70 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் கதை வேறு. அது தினமும் வெளியே சுற்றிய கணினி, வரம்பால் அதற்குக் கிடைப்பது குறைவு.

இன்னொரு நுணுக்கம். நாம் வைக்கப்போகும் 80 என்பது 57 வாட்-மணியில் 80 சதவீதம் அல்ல. இன்றைய முழுத் திறனான 51.3-இல் 80 சதவீதம், அதாவது சுமார் 41 வாட்-மணி. பேட்டரி தேயத் தேய இந்த எண்ணும் இறங்கும்.

இரண்டு எண்கள், ஒன்று அல்ல

திங்க்பேடில் நிறுத்தும் எண்ணோடு தொடங்கும் எண்ணும் கேட்கப்படும். நிறுத்தும் எண் 80, தொடங்கும் எண் 75 என்று வைத்தால் அதன் பொருள் இதுதான்: 75-க்குக் கீழே இறங்கினால் மட்டுமே சார்ஜ் ஏறத் தொடங்கும், 80-இல் நிற்கும்.

இந்த இடைவெளி எதற்கு? இடைவெளி இல்லாவிட்டால், பேட்டரி தானாகச் சிறிது கசிந்து 79 ஆனவுடன் சார்ஜ் ஏறும், 80-இல் நிற்கும், மறுபடி 79, மறுபடி ஏற்றம். இடைவெளி இருந்தால் 75-க்கும் 80-க்கும் நடுவே எங்கே இருந்தாலும் பேட்டரி தொந்தரவில்லாமல் கிடக்கும். அலுவலகத்தில் பக்கத்து அறைக் கூட்டத்துக்குக் கணினியைப் பத்து நிமிடம் கழற்றிக்கொண்டு போய்த் திரும்ப மாட்டினால் 78-இல் அப்படியே நிற்கும். பழுது என்று நினைக்க வேண்டாம். அதற்காகத்தான் அந்த எண்.

கணினி ஒருபோதும் மேசையை விட்டுப் போகாது என்றால் இடைவெளியைப் பெரிதாக்கலாம், எண்களையும் இறக்கலாம். தொடக்கம் 50, நிறுத்தம் 60 என்று வைத்தால் பேட்டரிக்கு இன்னும் நல்லது. பேட்டரியின் வேலை மின்வெட்டு வரும்போது கோப்பைச் சேமித்து அணைப்பது மட்டும்தான் என்றால் 60 தாராளம். 80 என்பது ஒரு சமரசம்: வாரத்தில் ஒரு நாளாவது கணினியை எடுத்துப் போகிறவருக்கு, திடீரென்று கிளம்பினாலும் கையில் உருப்படியான நேரம் இருக்கும். நம் எடுத்துக்காட்டில், மின்னஞ்சலும் எழுத்து வேலையுமாகச் சராசரி 8 வாட் செலவாகிறது என்றால் 41 வாட்-மணி ஐந்து மணி நேரம் தரும். முழுதாக ஏற்றியிருந்தால் ஆறரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் நீங்கள் கொடுக்கும் விலை.

விண்டோஸில் அமைப்பது

லெனோவோ வான்டேஜ் செயலி பெரும்பாலும் கணினியோடு வந்திருக்கும். இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும். நிறுவனம் கொடுத்த கணினி என்றால் Commercial Vantage என்ற வடிவம் இருக்கலாம். அதில் சில அமைப்புகளைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு பூட்டியிருந்தால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

செயலியைத் திறந்து Device பகுதிக்குள் Power என்ற பக்கத்துக்குப் போங்கள். பதிப்புக்குப் பதிப்பு இடம் சற்று மாறும், ஆனால் Battery charge threshold என்ற பெயரைத் தேடினால் போதும். அதை இயக்கினால் தொடங்கும் எண்ணுக்கும் நிறுத்தும் எண்ணுக்கும் இரண்டு பெட்டிகள் வரும். நிறுத்துவதில் 80, தொடங்குவதில் 75. சேமிப்பதற்குத் தனிப் பொத்தான் இல்லையென்றால் தேர்ந்தெடுத்த கணமே பதிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

அதே லெனோவோவின் ஐடியாபேட் வரிசையில் இந்த இரண்டு பெட்டிகள் இருக்காது. Conservation mode என்ற ஒரே சுவிட்ச்தான் உண்டு. எண்ணை அவர்களே தீர்மானித்துவிட்டார்கள்: பழைய மாடல்களில் 60-க்கு அருகில், புதியவற்றில் 80-க்கு அருகில். ஐடியாபேட் வைத்திருப்பவர் 60-இல் நின்றுவிட்டதே என்று பதற வேண்டியதில்லை.

லினக்ஸில் அமைப்பது

க்னோம் 48 அல்லது அதற்குப் பிந்தைய மேசைச் சூழல் என்றால் வேலை மிக எளிது. Settings திறந்து Power பக்கத்தில் Preserve Battery Health என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கணினி வரம்பை ஏற்கும் வகையாக இருந்தால் மட்டுமே அந்த வரி தெரியும். கேடிஇ பிளாஸ்மாவில் System Settings-இல் மின்சார மேலாண்மைப் பகுதியில் சார்ஜ் வரம்புக்கான பெட்டி இருக்கிறது; அங்கே எண்ணை நீங்களே போடலாம்.

இரண்டும் இல்லையென்றால் கெர்னலிடம் நேரடியாகச் சொல்லலாம். திங்க்பேடுக்கான டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால் எதையும் நிறுவ வேண்டாம்:

```
cd /sys/class/power_supply/BAT0
echo 75 | sudo tee charge_control_start_threshold
echo 80 | sudo tee charge_control_end_threshold
```

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. sudo echo 80 என்று எழுதி > குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி இல்லை என்ற பிழை வரும். sudo அந்த echo-வுக்கு மட்டும்தான். கோப்பைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல். அதனால்தான் மேலே tee வருகிறது.

இரண்டாவது இடறல், வரிசை. தொடங்கும் எண் எப்போதும் நிறுத்தும் எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆகவே எண்களை இறக்கும்போது முதலில் தொடக்கத்தை எழுதுங்கள், பிறகு நிறுத்தத்தை. ஏற்றும்போது நேர்மாறாக, முதலில் நிறுத்தம். தவறான வரிசையில் எழுதினால் Invalid argument என்ற பிழை வரலாம்.

திங்க்பேடில் இந்த எண்கள் பொதுவாகக் கணினியை அணைத்துத் திறந்தாலும் நிலைக்கும், சில்லிலேயே பதிவதால். ஏசுஸ் போன்ற வேறு சில மடிக்கணினிகளில் மறுதொடக்கத்தில் 100-க்குத் திரும்பிவிடும். அப்படியானால் /etc/tmpfiles.d/ ஃபோல்டரில் battery.conf என்று ஒரு கோப்பு உருவாக்கி இந்த ஒரு வரியைப் போட்டுவிட்டால், ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் அதுவே எழுதிக்கொள்ளும்:

```
w /sys/class/power_supply/BAT0/charge_control_end_threshold - - - - 80
```

சில கணினிகளில் தொடங்கும் எண்ணுக்கான கோப்பே இருக்காது, நிறுத்தும் எண் மட்டும் இருக்கும். அதில் குறை ஒன்றுமில்லை. இடைவெளியை ஃபெர்ம்வேர் தானே பார்த்துக்கொள்கிறது.

முதல் நாள் சோதனை

அமைத்ததும் வரும் முதல் குழப்பம்: 80 என்று வைத்தேன், இன்னும் 100 என்றே காட்டுகிறதே? காட்டத்தான் செய்யும். வரம்பு என்பது ஏற்றத்தைத் தடுக்கும் கதவு. ஏற்கெனவே உள்ளே இருப்பதை அது வெளியேற்றாது. அடாப்டர் மாட்டியிருக்கும்வரை கணினி அடாப்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பேட்டரி வாரக்கணக்கில் 100-க்கு அருகிலேயே இருக்கும். அமைத்துவிட்டோம் என்று நிம்மதியாக விட்டுவிட்டால், நாம் தவிர்க்க நினைத்த அதே நிலை தொடரும்.

எனவே டாக்கைக் கழற்றிவிட்டுப் பேட்டரியிலேயே வேலை செய்யுங்கள். 75-க்கும் கீழே, 70 வரை இறங்கட்டும். நம் எடுத்துக்காட்டில் 100-லிருந்து 75-க்கு இறங்கக் கால் பங்கு, அதாவது 12.8 வாட்-மணி செலவாக வேண்டும். 8 வாட் வேலையில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பிறகு டாக்கை மாட்டுங்கள். சார்ஜ் ஏறத் தொடங்கி 80-இல் நிற்க வேண்டும். நின்றால் எல்லாம் சரி.

நின்றதை விண்டோஸ் ‘செருகப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை’ என்ற பொருள்படும் வரியால் காட்டும். லினக்ஸில் அதே ஃபோல்டரில் உள்ள status கோப்பில் Not charging என்று இருக்கும். வீட்டில் வேறு யாராவது அந்தக் கணினியைப் பயன்படுத்தினால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த வரியைப் பார்த்துவிட்டு அடாப்டர் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி வந்துவிடுவார்கள்.

79 அல்லது 81-இல் நின்றாலும் கவலை வேண்டாம். பேட்டரிக்குள் இருக்கும் அளவி ஒரு கணிப்புதானே தவிர, அளவுகோல் அல்ல. ஆனால் 85, 90 என்று போய்க்கொண்டே இருந்தால் எண் பதியவில்லை என்று பொருள். மீண்டும் அமைப்புப் பக்கத்துக்குப் போய், அல்லது cat கட்டளையால் அந்த இரண்டு கோப்புகளையும் படித்துப் பாருங்கள்.

பிறகு வரக்கூடிய சிக்கல்கள்

அடிக்கடி காண்பது, வரம்பு திடீரென மறைந்துபோவது. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் புதுப்பிப்புக்குப் பிறகோ, பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகோ, சர்வீஸ் சென்டருக்குப் போய் வந்த பிறகோ சில்லின் நினைவு அழிந்து 100-க்குத் திரும்பலாம். எனவே ஒவ்வொரு பயாஸ் புதுப்பிப்புக்கும் பிறகு ஒரு முறை சதவீதத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

அடுத்தது, டாக்கில் மாட்டியிருந்தும் சார்ஜ் இறங்குவது. இதற்கும் வரம்புக்கும் தொடர்பில்லை, ஆனால் வரம்பு வைத்த பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள், அதனால் பழி அதன் மேல் விழுகிறது. 65 வாட் கேட்கும் கணினியை 45 வாட் மட்டும் தரும் டாக்கிலோ டைப்-சி மானிட்டரிலோ மாட்டியிருந்தால், கனமான வேலை நடக்கும்போது பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுசெய்யும். வேலை குறைந்ததும் மறுபடி ஏறும். பேட்டரி நாள்தோறும் பல முறை ஏறி இறங்க, நாம் இல்லாமல் ஆக்க நினைத்த சுற்றுகள் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். கண்டுபிடிப்பது எளிது: வீடியோ ஏற்றுமதி போன்ற கனமான வேலையைக் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சதவீதத்தைப் பாருங்கள். டாக்கில் குறைந்து, கணினியோடு வந்த சொந்த அடாப்டரில் குறையாமல் இருந்தால் டாக்தான் போதாது. அதிக வாட் தரும் டாக்கை வாங்குங்கள், அல்லது டாக்கோடு சொந்த அடாப்டரையும் மாட்டுங்கள்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது: அளவி தடம் புரள்வது. பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் போனது, வந்தது என்று கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் சொல்லப்படுகிறது. முழு நிறைவையும் முழு வெறுமையையும் அவ்வப்போது தொட்டால்தான் அந்தக் கணக்கு நேராகும். ஆண்டு முழுவதும் 75-க்கும் 80-க்கும் நடுவிலேயே இருந்தால் கணக்கில் சிறுகச் சிறுகப் பிழை சேரும். வெளியே எடுத்துப் போனபோது 20 சதவீதத்தில் திடீரென்று அணைந்தாலோ, 60-லிருந்து 45-க்கு ஒரே தாவாகத் தாவினாலோ அறிகுறி அதுதான். அறிக்கையில் FULL CHARGE CAPACITY காரணமில்லாமல் ஒரே மாதத்தில் வெகுவாக இறங்குவதும் சில சமயம் இதனால்தான். பேட்டரி போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

தீர்வு, ஒரு முறை முழுச் சுற்று. வரம்பை அணைத்து 100 வரை ஏற்றி, ஓரிரு மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு பேட்டரியிலேயே ஓட்டிக் கிட்டத்தட்ட தீரும்வரை இறக்கி, மறுபடி இடைவிடாமல் 100 வரை ஏற்றுங்கள். வான்டேஜில் Battery gauge reset என்ற வசதி தெரிந்தால் இதையே தானாகச் செய்யும். பல மணி நேரம் பிடிக்கும், இரவில் விட்டுவிடலாம், அடாப்டர் மாட்டியிருக்க வேண்டும். முடிந்ததும் வரம்பைத் திரும்ப இயக்க மறக்காதீர்கள். மாதாமாதம் இதைச் செய்யச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். முழுச் சுற்று ஒவ்வொன்றும் பேட்டரிக்கு ஒரு செலவு. அறிகுறி தெரிந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஓரிரு முறை போதும்.

பயணத்துக்கு முந்தைய நாள்

நீண்ட பயணம் என்றால் வரம்பை அணைத்து 100 வரை ஏற்றுவதில் தவறே இல்லை. கெடுதல் செய்வது நிறைந்த நிலையில் மாதக்கணக்கில் கிடப்பது. நிறைத்துச் சில மணி நேரத்தில் செலவழிப்பது அல்ல. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கடைசி இருபது சதவீதம் மெதுவாகத்தான் ஏறும். மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டதும் சார்ஜர் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பதே காரணம். கிளம்ப இருபது நிமிடம் இருக்கும்போது வரம்பை எடுத்தால் பெரிய பயன் கிடைக்காது. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இரவே நிறைத்துவைப்பதைவிடக் காலையில் கிளம்பும் முன் நிறைப்பது மேல், ஆனால் அதற்காக அலாரம் வைத்து எழுந்திருக்கும் அளவுக்கு விஷயம் பெரிதில்லை.

லினக்ஸில் 100-க்குத் திரும்ப நிறுத்தும் எண்ணில் 100 என்று எழுதினால் போதும். ஆனால் பேட்டரி 80-இல் இருக்க, தொடங்கும் எண் 75 என்றே விட்டிருந்தால் ஏற்றம் தொடங்காமல் நிற்கலாம். அதையும் 95-க்கு உயர்த்தினால் ஏறத் தொடங்கும். திரும்பி வந்ததும் இரண்டையும் பழையபடி வையுங்கள், தொடக்கத்தை முதலில்.

மாறாக, கணினியை இரண்டு மூன்று மாதம் தொடாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் 80-கூட அதிகம். 50-க்கு அருகில் இறக்கி, முழுதாக அணைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஸ்லீப்பில் விட்டால் மெல்லக் கசிந்து தீர்ந்துவிடும். முழுதாகத் தீர்ந்த நிலையில் நெடுநாள் கிடப்பதும் பேட்டரிக்கு ஆகாது.

மற்ற நிறுவனக் கணினிகள்

டெல் கணினிகள் பலவற்றில் வேலை பயாஸிலேயே முடிந்துவிடும். தொடங்கும்போது F2 அழுத்தி உள்ளே போய் Primary Battery Charge Configuration என்ற பக்கத்தைத் தேடுங்கள். அதில் Custom தேர்ந்தெடுத்தால் தொடங்கும் எண், நிறுத்தும் எண் இரண்டையும் போடலாம். அங்கேயே Primarily AC Use என்று ஒரு தேர்வும் இருக்கிறது. எண் கொடுக்கும் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு அது போதும், ஆனால் எங்கே நிறுத்துவது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. நான் Custom-ஐத்தான் சொல்வேன்.

எச்பியின் அலுவலக வரிசைக் கணினிகளில் F10 அழுத்திப் பயாஸுக்குள் போய் Battery Health Manager-ஐத் தேடுங்கள். Maximize My Battery Health என்பதே 80 சதவீத வரம்பு. Let HP Manage My Battery Charging என்பது சூட்டையும் பயன்பாட்டையும் பார்த்து அதுவே முடிவெடுக்கும் தேர்வு. நிலையான வரம்பு வேண்டுமென்றால் அது அல்ல. ஏசுஸில் மை ஏசுஸ் செயலியில் Battery Care Mode என்ற சுவிட்ச். ஏசரில் அந்நிறுவனத்தின் கேர் சென்டர் அல்லது ஏசர் சென்ஸ் செயலியில் சார்ஜ் வரம்புக்கான சுவிட்ச், எல்லா மாடல்களிலும் இல்லை. மேக்புக்கில் உள்ள Optimized Battery Charging உங்கள் பழக்கத்தைக் கவனித்துத் தானே தள்ளிப்போடும் ஏற்பாடு. நீங்கள் எண் கொடுக்கும் வரம்பு அல்ல என்பதால், சில நாள் 80-இல் நின்று வேறு நாள் 100-க்குப் போனால் அது இயல்புதான்.

எந்த வசதியும் இல்லாத கணினியில், பிளக்கோடு ஒரு டைமரை இணைத்து ஏமாற்றும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அது பேட்டரியைத் தினமும் இறக்கி ஏற்றும்; காலத்தால் வரும் முதுமையைக் குறைக்கப் போய்ச் சுற்றுகளால் வரும் முதுமையை வாங்கிக்கொள்வதாகும். அதைவிடக் கணினியைச் சூடு தங்காத இடத்தில் வைத்து, அப்படியே விட்டுவிடலாம்.

கடைசியாக, வரம்பு வைப்பதற்கு முன்பே கணினியைத் தட்டையான மேசையில் வைத்து ஒரு முறை பாருங்கள். டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா, அழுத்தினால் சொடுக்கு விழாமல் கல்லாக இருக்கிறதா, அடிப்பலகை விளிம்பில் பிளந்து நிற்கிறதா, நான்கு காலும் தரையில் படாமல் ஆடுகிறதா? அப்படியென்றால் பேட்டரி ஏற்கெனவே உப்பிவிட்டது. அதற்கு 80-ம் உதவாது, 60-ம் உதவாது. அடாப்டரைக் கழற்றுங்கள், கணினியை அணையுங்கள், உப்பியதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். பேட்டரியை மாற்றித் தருபவரிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். வரம்பை வைக்கும் வேலையைப் புதிய பேட்டரி வந்த அன்று தொடங்கலாம்.